நடுவில் இரும்பு இல்லாத சக்கரம்

அண்ணா,

இப்படிக் கூப்பிட்டால் பட்டறைக்குள்ளிருந்து "என்ன கண்ணு?" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரல் நின்று மூன்று மாதம் ஆகிறது. இன்னமும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கூப்பிட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் நினைவு வருகிறது. நீ போன நாலாம் நாள் நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யோடு ஒரு பஸ் ஏறினேன். அதை உன்னிடம் சொல்ல முடியாததால் எல்லாரிடமும் சொல்கிறேன்.

எங்கள் பட்டறை மலைமேல் வளப்பூர் நாட்டில், பஸ் திரும்புகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம். இரும்பு கடைகிற ஒரு பழைய லேத், ஒரு வெல்டிங் பெட்டி, மேலே தகரம். நான் எட்டாவதோடு நின்றவள். அண்ணன் பத்தாவது எழுதிப் பெயிலானவன். இரண்டு பேரும் சேர்ந்துதான் வேலை செய்தோம். அவன் வெல்டிங் வைப்பான், நான் லேத்தில் நிற்பேன். வருகிறவர்கள் என்னைப் பார்த்து, "ஏனுங்க, பொம்பளப் புள்ள கையில இரும்பக் குடுத்துட்டு நீங்க டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்பார்கள். "அவ கடையறது நூல் பிசகாதுங்க. நான் கடைஞ்சா உங்க வண்டி நொண்டும்" என்பான் அண்ணன்.

எங்களிடம் அதிகம் வந்தது குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, சீவுகிற மிஷின் வேலைதான். கிழங்கைச் சிப்ஸாகச் சீவிக் காயப்போட்டால் நல்ல விலை போகும். ஷாஃப்ட் என்கிற சுழல்தண்டில் ஒரு பக்கம் கத்தி, நடுவில் பெல்ட் ஓடுகிற புல்லி, மறுபக்கம் ஒரு கனமான சக்கரம். அந்தச் சக்கரத்தைப் பிளைவீல் என்பார்கள். தடித்த கிழங்கு கத்தியில் மாட்டும்போது மிஷின் திணறாமல் இழுத்துக்கொண்டு போவது அதுதான். அண்ணன் அதை முழு இரும்புத் தட்டில் செய்வான். நடுவில் ஷாஃப்ட் போக மட்டும் ஓட்டை. ஒரு தட்டு ஒரு மூட்டை அரிசி எடை இருக்கும்.

அந்த எடையில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

திருப்புலி நாட்டுப் பக்கம் ரோடு போகாத ஒரு சிற்றூரிலிருந்து ஓர் அக்கா வந்தார். வீட்டுக்காரரோடு சேர்ந்து கிழங்கும் மிளகும் போடுகிறவர். மிஷின் வேண்டும், ஆனால் பஸ் நிற்கிற இடத்திலிருந்து அரை மணி நேரம் ஒற்றையடிப் பாதையில் தலைச்சுமையாகத்தான் போக வேண்டும்.

"இதத் தூக்கிட்டுப் போனா எங்கூட்டுக்காரரு கழுத்து உள்ள எறங்கிரும் சாமி. எளசா ஒண்ணு செய்ய முடியாதா?" என்றார்.

அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். நான்தான் சொன்னேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம், ஆனாலும் எழுதுகிறேன். நான்தான் சொன்னேன்.

"அண்ணா, நடுவுல எதுக்கு இரும்பு? ஓரத்துல இருக்கற கனம்தான இழுக்குது? நடுவ எடுத்துட்டு வளையமாப் போட்டு ஆரக்கால் மாதிரி நாலு கை வச்சுட்டா பாதி எடை போயிரும்."

அண்ணன் என்னையே பார்த்தான். அப்புறம் அந்த அக்காவிடம், "பாத்தீங்களா, மூளை பூரா இங்கதான் இருக்குது. எனக்கு மயிரு மட்டுந்தான் மிச்சம்" என்றான். அக்கா சிரித்தார். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

ஒரே நீளப் பட்டையை இரண்டாக வெட்டி, சூடாக்கி வளைத்து, இரண்டு வளையம் செய்தோம். முனையும் முனையும் சேருகிற இடத்தில் ஒரே ஒரு வெல்டிங். நடுவை எடுத்துவிட்டோமே, பலம் குறையுமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "கனத்தக் கூட்டிப் போட்டுக்கலாம், தாங்கும்" என்றான் அண்ணன். ஒரு விரல் கனப் பட்டைக்குப் பதிலாக இரண்டு விரல் கனப் பட்டை எடுத்தோம். வெல்டிங் வைத்த இடத்தை அண்ணன் கிரைண்டரால் தேய்த்து வழவழப்பாக்கினான். தடவிப் பார்த்தால் மூட்டு எங்கே என்று விரலுக்குத் தெரியாது. அவ்வளவு அழகாக இருந்தது. ஒன்றை அக்கா வாங்கிப் போனார். இன்னொன்றை, கூலிக்குச் சீவிக் கொடுக்கிற எங்கள் சொந்த மிஷினில் போட்டோம்.

மாதக்கணக்கில் இரண்டும் நன்றாகத்தான் ஓடின. அறுப்பு நேரம் வந்தது. சாக்குச் சாக்காகக் கிழங்கு காத்திருந்தது. சீக்கிரம், சீக்கிரம் என்று எல்லாரும் அவசரப்படுத்தினார்கள். அண்ணன் நாமக்கல் போய், மிஷினை ஓட்டுகிற டீசல் இன்ஜினுக்குப் பெரிய புல்லி இரண்டு வாங்கி வந்தான். இன்ஜின் பக்கத்துப் புல்லி இரண்டு பங்கு பெரிதானால் மிஷின் இரண்டு பங்கு வேகம் சுற்றும். ஒன்றை எங்கள் மிஷினுக்குப் போட்டான். இன்னொன்றை, சந்தைக்கு வந்த அந்த அக்காவிடம் கொடுத்து, "முடிஞ்சா நீங்களே மாட்டிருங்க, இல்லீன்னா நான் வாரேன்" என்றான்.

மூன்றாம் நாள் காலை. நான் கத்திப் பக்கம் நின்று கிழங்கு போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் சக்கரத்துக்கு நேராக, நாலடி தள்ளி, இடுப்பில் கை வைத்து நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"சத்தம் எப்புடி? பாட்டாட்டம் இல்ல?" என்றான்.

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. பாறைக்கு வெடி வைத்த மாதிரி ஒரு சத்தம். தகரக் கூரையில் ஆகாயம் தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். சக்கரம் இருந்த இடத்தில் நாலு கைகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. அண்ணன் சுவரோடு உட்கார்ந்திருந்தான். நெஞ்சில் பட்டிருந்தது. அதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

நாலாம் நாள் ஜீப்பில் ஒரு மேடம் வந்தார். மிஷின் விபத்துகளை விசாரிக்கிற அதிகாரி. முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். வந்ததும் என்னிடம் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, உடைந்த வளையத்தைத் தரையில் போட்டுப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அது நமக்கு ஒரு மரியாதை என்று எனக்குத் தோன்றியது.

வளையம் மூட்டில்தான் விட்டிருந்தது. மேடம் அந்த முனையை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். வெளி ஓரத்தில் நகக்கண் அளவுக்கு மட்டும் புது இரும்பு பளபளத்தது. மீதி முழுக்கக் கறுப்பு. கறுப்பில், ரம்பத்தால் வெட்டிய கோடுகள் அப்படியே இருந்தன.

"பாத்தியாம்மா? உள்ள உருகவே இல்ல. ரெண்டு முனையும் சும்மா தொட்டுக்கிட்டுதான் இருந்திருக்கு. முனையைச் சாய்ச்சு வெட்டி, உள்ளேருந்து ரொப்பிக்கிட்டு வந்திருக்கணும். கனமான பட்டை வேற. கனம் கூடக் கூட உள்ள போய்ச் சேராது. மேல இருந்த கொஞ்சத்தையும் தேய்ச்சு எடுத்துட்டீங்க."

"கனமாப் போட்டா தாங்கும்னுதானுங்க போட்டோம்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. சுத்துற வளையத்தை இழுக்கிறது வெளியில இருக்கற யாரும் இல்ல. அதோட சொந்த எடைதான். கனத்தை ரெட்டிப்பாக்குனா தாங்குற இரும்பும் ரெட்டிப்பு, இழுக்குற எடையும் ரெட்டிப்பு. இரும்புக்குள்ள இருக்கற இழுப்பு அப்படியேதான் இருக்கும். நூலிழை கனத்துல போட்டாலும் அதே, தூண் கனத்துல போட்டாலும் அதே."

அந்த முனையை நான் விரலால் தடவிப் பார்த்தேன்.

"வேகம் வேற. வேகம் ரெண்டு பங்கானா இழுப்பு நாலு பங்கு. பெரிய புல்லி எப்பப் போட்டீங்க?"

"வெடிக்கறதுக்கு ரெண்டு நாளு முன்னாடிங்க."

"மொதல்ல முழுத் தட்டுதான போட்டுட்டிருந்தீங்க? ஏன் மாத்துனீங்க?"

எடைக்காக என்றேன். நான் சொன்ன யோசனை என்பதைச் சொல்லவில்லை. மேடம் தரையில் சாக்பீஸால் இரண்டு வட்டம் போட்டார். ஒன்றை முழுக்கத் தேய்த்து நிரப்பினார்.

"ரெண்டுக்கும் ஓரம் ஒரே வேகத்துல ஓடுதுன்னு வச்சுக்க. வளையத்துல ஒவ்வொரு துண்டும் வெளிய ஓடப் பாக்குது. அதைப் பிடிச்சு வைக்க வலப்பக்கத் துண்டும் இடப்பக்கத் துண்டும் மட்டும்தான். உன் நாலு கை பெருசா உதவாது. முழுத் தட்டுல, ஓரத்தை உள்ள இருக்கற இரும்பும் சேர்ந்து இழுத்துப் பிடிக்குது. அங்க அதிகம் இழுபடற இடம் நடுமையம். அந்த நடுமையத்துலகூட, வளையத்துல இருக்கறதுல பாதிக்கும் கம்மி."

"நடுவுல ஷாஃப்டுக்கு ஓட்டை போட்டிருந்தமே?"

அவர் முகம் கொஞ்சம் மாறியது. கேள்வி பிடித்திருந்தது போல. "சின்ன ஓட்டை போட்டாலும் அந்த ஓட்டை ஓரத்துல இழுப்பு ரெட்டிப்பாகிடும். அப்பக்கூட வளையத்தை எட்டாது. ஓட்டையைப் பெருசாக்கிட்டே போனா கடைசியில வளையம்தான். எந்தச் சக்கரத்துக்கும் ஒரு வேகம் இருக்கும்மா. அதைத் தாண்டுனா வெடிச்சிரும். இந்த மூட்டோட அந்த வேகம் ரொம்பக் கீழ வந்துடுச்சு. நீங்க ஓட்டுன வேகம் அதுக்குப் பக்கத்துல போயிருக்கு. ஒவ்வொரு தடவை ஓட்டி நிறுத்தறப்பவும் இந்த நகக்கண் இரும்பு கொஞ்சம் கொஞ்சமா விரிசல் விட்டிருக்கும். மூணாம் நாள் விட்டுடுச்சு."

எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். ஜீப் பக்கம் நடந்தவர் திரும்பி நின்று கேட்டார்.

"இதே மாதிரி வேற வளையம் செஞ்சீங்களா? யாருக்காவது குடுத்திருக்கீங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது. அண்ணன் இன்னும் மண்ணுக்குள் ஆறவில்லை. அவன் பெயரில் இன்னொரு குற்றம் எழுதுவார்கள் என்று பயம். என் யோசனை என்பது வெளியே வரும் என்று பயம். மேடம் குறித்துக்கொண்டு போய்விட்டார். ஜீப் வளைவில் மறைந்ததும்தான் நான் சொன்னது என்னவென்று எனக்கே உறைத்தது. இப்போது அந்த இன்னொரு வளையமும் வெடிக்கும் என்று தெரிந்த ஆள் இந்த உலகத்தில் நான் மட்டும்தான்.

அக்காவுக்குப் போன் போட்டேன். அக்கா ஊரில் சிக்னல் எப்போதுமே கிடையாது. அம்மா சுருண்டு படுத்திருந்தார். "எங்க போற?" என்றார். "பஸ்ஸுக்கு" என்றேன்.

மத்தியான பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. வளைவுக்கு வளைவு வெளிப்பக்கம் தள்ளியது. எனக்குப் பிடிக்கக் கம்பி எட்டவில்லை. பக்கத்தில் நின்ற பெண் என் தோளைப் பிடித்திருந்தார், அவர் தோளை இன்னொருவர். ஒரு வளைவில் நாங்கள் மொத்தமாகச் சாய்ந்தோம். ஒருவரை ஒருவர் எவ்வளவு இறுக்கிப் பிடித்தும் ஒன்றும் ஆகவில்லை, உள்பக்கம் பிடித்து இழுக்க யாரும் இல்லை. இன்னும் இரண்டு பேர் வந்து சேர்ந்திருந்தால் அவர்கள் எடையும் சேர்ந்துதான் சாய்ந்திருக்கும். மேடம் சாக்பீஸில் போட்டது அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. அண்ணன் இருந்திருந்தால் அங்கேயே அவனிடம் சொல்லியிருப்பேன்.

அக்கா அந்தப் புல்லியை மாட்டியிருக்க மாட்டார், பழையதைக் கழற்ற அவரிடம் சாமான் இருக்காது என்று ஒரு வளைவுக்குச் சொல்லிக்கொள்வேன். அடுத்த வளைவில், அவர் வீட்டுக்காரர் சும்மா இருக்கிற ஆள் இல்லை, சுத்தியலால் தட்டியாவது மாட்டியிருப்பார் என்று தோன்றும்.

பஸ்ஸை விட்டு இறங்கி ஒற்றையடிப் பாதையில் ஓட ஆரம்பித்தேன். பலா மரங்களைத் தாண்டி மேட்டில் ஏறியதும் இன்ஜின் சத்தம் கேட்டது. அப்படியே நின்றுவிட்டேன். இன்ஜின் அதே பழைய டக் டக்தான். அதற்கு மேலே ஒரு சத்தம், காற்றைக் கிழிக்கிற ஊம் என்கிற சத்தம். அண்ணன் பாட்டு என்றானே, அதே சத்தம். புல்லியை மாட்டிவிட்டார்கள்.

களத்தில் அக்கா கத்திப் பக்கம் நின்று கிழங்கு போட்டுக்கொண்டிருந்தார். அது பரவாயில்லை. சக்கரம் வெடித்தால் துண்டு போவது அது சுற்றுகிற நேர்கோட்டில்தான். ஆனால் அந்த நேர்கோட்டில், கிழங்குக் குவியலுக்குப் பக்கத்தில், இரண்டு பெண்கள் உட்கார்ந்து கிழங்கின் முனையை நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வேப்பங்கிளையில் சேலைத் தொட்டில். தொட்டிலுக்குள் ஒரு சின்னக் கால் ஆடிக்கொண்டிருந்தது.

கத்த வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். நான் கத்தினால் அக்கா கிழங்கு போடுவதை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பார். கத்திக்கு வேலை இல்லாவிட்டால் மிஷின் இன்னும் கொஞ்சம் வேகம் எடுக்கும். அந்தக் கொஞ்சம் போதும். முதலில் இன்ஜினை நிறுத்த வேண்டும்.

இன்ஜின் இருந்தது சக்கரத்தின் மறு பக்கம், ஏறக்குறைய அதே நேர்கோட்டில். நான் களத்தைச் சுற்றிக்கொண்டு இன்ஜினுக்குப் பின்னால் போனேன். கடைசிப் பத்தடியைத் தவழ்ந்துதான் போனேன். வெட்கமாக இல்லை. எனக்கு உயிர் மேல் அவ்வளவு ஆசை என்று அதுவரை தெரியாது. நாலு நாளாகச் செத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். இன்ஜின் உடம்புக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டு, கையை மட்டும் நீட்டி டீசல் கைப்பிடியை இழுத்தேன்.

இன்ஜின் இருமி நின்றது. சக்கரம் நிற்கவில்லை.

அதுதான் அந்தச் சக்கரத்தின் வேலை. சும்மா நின்றுவிடாது. ஊம் என்ற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. நான் தரையில் முகத்தை வைத்துக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். அக்கா ஓடி வருவது தெரிந்தது. "அங்கயே நில்லுங்கக்கா!" என்று கத்தினேன். அந்த ஒரு நிமிஷத்தில் நான் வேண்டாத சாமி இல்லை. கடைசியில் பெல்ட் ஒரு தடவை சரசரத்தது. சத்தம் நின்றது. தொட்டிலில் இருந்த குழந்தை, சத்தம் நின்றதால் விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது.

"யாரு? கண்ணு நீயா? என்ன சாமி இப்புடிக் கெடக்குற?" அக்கா என்னைத் தூக்கி உட்கார வைத்தார். "அண்ணனுக்கு இப்புடி ஆயிப்போச்சுனு நேத்துத்தான் கேள்விப்பட்டேன். கரண்டு அடிச்சிருச்சுனு சொன்னாங்க. நாளைக்கு வரலாம்னு இருந்தேன்."

"கரண்டு இல்லீங்கக்கா. இதுதான்" என்று சக்கரத்தைக் காட்டினேன்.

அதற்குள் தோட்டத்திலிருந்து அவர் வீட்டுக்காரர் வந்துவிட்டார். நின்ற மிஷினையும் என்னையும் பார்த்தார். "நாளைக்கு லாரி வருது. எதுக்கு நிறுத்துன?" என்றார்.

சொன்னேன். வெல்டிங் சரியில்லை, உள்ளே சேரவில்லை, இனி ஓட்டக் கூடாது என்றேன்.

"நாலு நாளா கல்லாட்டம் ஓடுது. உங்கண்ணன் வேல சுத்தம்னு நாட்டுக்கே தெரியும். செத்துப் போனவன் மேல நீயே பழி போடறியா? அவன் கூடப் பொறந்தவதான நீ?"

அது என்னை அடித்தது போல இருந்தது. அக்கா, "ஏனுங்க, புள்ள மூஞ்சியப் பாத்துப் பேசுங்க" என்றார். அவர் கேட்கவில்லை. இன்ஜின் பக்கம் நடந்தார்.

"மாமா, ஒரே நிமிஷம் குடுங்க. அக்கா, குழந்தைக்குப் போடற பவுடர் இருக்குங்களா?"

இது எங்கள் பட்டறையில் செய்வதுதான். விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டால் எண்ணெய்க்குத் தெரியும். வளையத்தின் மூட்டு இருக்கிற இடம் எனக்குத் தெரியும். அங்கே டீசலைத் தடவிக் கொஞ்ச நேரம் விட்டேன். அப்புறம் துணியால் சுத்தமாகத் துடைத்தேன். மேலே பவுடரை ஊதினேன். இரும்பு வெள்ளையாகிவிட்டது. எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"ஒண்ணும் இல்லியே" என்றார் அவர்.

ஒன்றும் இல்லாமல் போய்விட வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். எனக்குப் பழி வந்தாலும் பரவாயில்லை, அண்ணன் வைத்த மூட்டு ஒன்றாவது நன்றாக இருக்கட்டும் என்று. அப்போது வெள்ளையில் ஒரு கோடு ஊறியது. முடி அளவு. உள்ளே புகுந்திருந்த டீசல் வெளியே வந்து பவுடரை நனைத்தது. கோடு ஓரத்திலிருந்து மெதுவாக நீண்டது. பட்டையின் அகலத்தில் முக்கால்வாசி போய் நின்றது.

அக்கா கோட்டைப் பார்த்தார். கோட்டுக்கு நேராகத் திரும்பிப் பார்த்தார். தொட்டில் இருந்தது. அவர் ஓடிப்போய்க் குழந்தையை அள்ளிக்கொண்டார். மிஷின் நின்றுதான் இருந்தது, இருந்தும் ஓடினார்.

வீட்டுக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தக் கோட்டை விரலால் தொட்டுக்கொண்டு, "இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் தாங்கியிருக்குமா கண்ணு?" என்றார்.

"தெரியாதுங்க" என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாது.

"இந்த யோசனை என்னோடதுங்க. நடுவ எடுக்கச் சொன்னது நான்தான். அண்ணன் இல்ல" என்றும் சொன்னேன். அதைச் சொன்னதும்தான் நாலு நாளாக வராத அழுகை வந்தது. அக்கா ஒரு கையில் குழந்தையும் இன்னொரு கையில் என் தலையுமாகப் பிடித்துக்கொண்டார். "எளசா வேணும்னு கேட்டது நானு சாமி" என்றார்.

சிக்னல் கிடைக்கிற பாறை ஒன்று மேலே இருக்கிறது என்றார்கள். ஏறினேன். மேடம் கொடுத்துவிட்டுப் போன நம்பருக்குப் போட்டேன்.

"மேடம், நான் பொய் சொல்லிட்டேன். இன்னொண்ணு இருக்குங்க."

"ஓடுதா?" என்றார் முதலில். நிறுத்திவிட்டேன், விரிசலைப் பார்த்துவிட்டேன் என்றேன். "யாருக்கும் அடிபடலியே?" என்றார். இல்லை என்றேன். "சரி. பெல்ட்டைக் கழட்டி வச்சுடு. காலைல வரேன்" என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. போனை வைப்பதற்கு முன்னால், "நீ எந்தப் பக்கமா போய் நிறுத்துன?" என்று கேட்டார். நேராக வராமல் சுற்றி, இன்ஜினுக்குப் பின்னால் தவழ்ந்து போனதைச் சொன்னேன். "ம்" என்றார்.

மறுநாள் மேடம் வந்து அந்தச் சக்கரத்தையும் எடுத்துப் போய்விட்டார். விசாரணைக் காகிதத்தில் அண்ணனின் வெல்டிங்தான் காரணம் என்று எழுதியிருக்கிறது. வளையம் செய்யச் சொன்னது தங்கை என்றும் எழுதச் சொன்னேன். எழுதினார்கள். அம்மாவுக்கு அது இன்னும் தெரியாது. இதைப் படித்துக் காட்டினால் தெரிந்துவிடும்.

பட்டறையைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். இப்போது முழுத் தட்டுதான் செய்கிறேன். சிறிய புல்லிதான். கனமாக இருக்கிறது என்று திட்டுகிறார்கள், தூக்கிக்கொண்டும் போகிறார்கள். யார் மிஷின் ஓட்டினாலும் சக்கரத்துக்கு நேராக நிற்காதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். ஆனால் எந்த மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டாலும் என் கால் தானாக ஓரமாக நகர்ந்துவிடுகிறது. கடையில் மாவு அரைக்கப் போனால்கூட வெளியேதான் நிற்கிறேன். பயம் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை.

அண்ணா, சத்தம் எப்புடி என்று கேட்டாயே. நன்றாக இல்லை அண்ணா. அன்றைக்கே எனக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

படிக்கிற எல்லாரிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் சாமி எதுவாக இருந்தாலும் சரி, விளக்கு வைக்கிற நேரத்தில் என் அண்ணனுக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள். கெட்டவன் இல்லை அவன். தங்கச்சி சொன்னதை நம்பினான், அவ்வளவுதான். அவன் இருக்கிற இடத்தில் எந்தச் சத்தமும் இல்லாமல் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.